அரையணா வித்தியாசம்

வெள்ளிமணி சோப்புக் கம்பெனியின் ஏஜெண்டு லாசருக்கு உலகத்திலேயே பிடிக்காத பொருள் ஒன்று உண்டென்றால் அது பிறை சோப்பு. கீழமாசி வீதியில் நாகூர் கனியின் கடையில் மட்டும் விற்கிற துணி சோப்பு அது. பழுப்புக் காகிதத்தில் ஒரு பிறை, அதன் கீழே கடைப் பேர், அவ்வளவுதான் அலங்காரம். வாசனையும் கிடையாது. பலசரக்கு விற்கிறவனுக்கு சோப்புப் போட என்ன தெரியும், சுண்ணாம்பையும் கொழுப்பையும் குழைத்து மனுசன் தலையில் கட்டுகிறான் என்று சமயநல்லூர் முதல் பழங்காநத்தம் வரை ஒரு கடை விடாமல் திட்டித் தீர்த்திருந்தார் லாசர். ஆனால் அதை ஒரு நாளும் கையால் தொட்டதில்லை. தொட்டால் தன் கோட்டுக்கு அவமானம் என்று நினைத்தார். அந்தக் கோட்டும் கம்பெனி கொடுத்ததுதான்.

அந்த மாதம் தூத்துக்குடியிலிருந்து வெள்ளிமணி ஆலை முதலாளி ஒரு கடிதம் எழுதியிருந்தார். நாகூர் கனி கடை முன்பெல்லாம் மாதம் முப்பது பெட்டி வெள்ளிமணி எடுத்தது, இப்போது பத்துக்கு வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் பழையபடி முப்பது பெட்டி ஆர்டர் வராவிட்டால் மதுரைக்குத் தனியாக ஒரு ஏஜெண்டு தேவையில்லை என்று நான்கே வரி. லாசர் அந்தக் கடிதத்தை மனைவி மரியம்மாளிடம் காட்டவில்லை. காட்டுகிற தைரியம் இருந்தால் அவர் ஏன் ஏஜெண்டு வேலைக்கு வருகிறார்?

சனிக்கிழமை காலை கடைக்குப் போனவர் வாசலிலேயே கொதித்துப் போனார். வாசலில் வெள்ளிமணி தகரப் பலகை பளபளவென்று தொங்கியது, கம்பெனி காசில் அடித்தது. உள்ளே கண்ணுக்கு நேரான தட்டு முழுக்கப் பிறை சோப்பு. வெள்ளிமணி எங்கே என்று தேடினால், முழங்கால் உயரத்தில், விளக்குத் திரிக்குப் பக்கத்தில் ஒடுங்கிக் கிடந்தது. ஒரு அம்மாள் வந்து வெள்ளிமணி என்று வாய் திறந்தாள். கடையில் விற்கிற சேக் இஸ்மாயில் பிறையை எடுத்து நீட்டி, அதே நுரை, அரையணா சல்லிசு என்றான். அவளும் வாங்கிக்கொண்டு போனாள். நம் பலகையைப் பார்த்து வந்தவளுக்கு அவன் சரக்கைத் தள்ளுகிறான் பார், என்ன நெஞ்சழுத்தம் என்று லாசருக்கு வயிறு எரிந்தது.

எரிச்சலில் அவர் செய்ததுதான் வினை. எல்லார் முன்னாலும் இரண்டு சோப்பையும் துவைத்துப் பார்த்துவிடுவோம், பிறை தோற்றால் முப்பது பெட்டி எழுத வேண்டும் என்று கனியிடம் சவால் விட்டார். நாகூர் கனி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சரி என்றார். அந்த மனுசன் அவ்வளவு லேசில் சரி சொன்னதிலேயே லாசர் சுதாரித்திருக்க வேண்டும். கோட்டுப் போட்டவருக்கு அதெல்லாம் எங்கே தோன்றும்.

தீர்ப்புச் சொல்ல மாயக்காள் அகப்பட்டாள். ஆரப்பாளையத்து லாட்ஜுகளின் படுக்கை விரிப்பையெல்லாம் வைகையில் வெளுக்கிறவள், சோப்பு வாங்கத்தான் வந்திருந்தாள். கடை வாசலில் இரண்டு வாளித் தண்ணீர் வந்தது. எண்ணெய்க் கறை ஏறிய ஒரு துண்டை இரண்டாகக் கிழித்து, ஒன்றுக்கு வெள்ளிமணியும் மற்றதுக்குப் பிறையும் போட்டுத் தேய்த்தாள். தெருவில் போனவர்கள் நின்றார்கள். பிழிந்து விரித்தபோது எந்தத் துண்டு எதுவென்று அவளுக்கே மறந்துபோனது.

லாசர் விடவில்லை. வெளுப்பு கிடக்கட்டும், உள்ளே பாருங்கள், ஈரமும் மண்ணுமாய் இருக்கும் என்று புது பிறை சோப்பு ஒன்றை எடுத்துக் காகிதத்தைப் பிரித்தார். அறுப்பதற்குக் கத்தியை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

கட்டியின் பக்கவாட்டில் தலைமுடி கனத்தில் ஒரு வரி ஓடியது. ஏஜெண்டு ஆவதற்கு முன் லாசர் நான்கு வருசம் தூத்துக்குடி ஆலையில் சோப்பு அறுத்தவர். அங்கே சோப்பைக் கட்டிகளாக அறுக்கிற கம்பிச் சட்டத்தில் மூன்றாவது கம்பி ஒரு தரம் அறுந்தது. புதுக் கம்பி வாங்க முதலாளிக்கு மனசு வராமல், பழையதையே முறுக்கிக் கட்டச் சொன்னார். முறுக்கியது லாசரின் கை. அந்த முடிச்சு உரசுகிற கட்டியில் எல்லாம் இந்த வரி விழும். கீழே குனிந்து வெள்ளிமணி ஒன்றைப் பிரித்தார். அதே இடத்தில் அதே வரி இருந்தது.

முகம் செத்துப்போய் நின்ற லாசரைக் கனி உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். ஏளனம் கண்ணில் இருந்தது, குரலில் இல்லை.

“தெரியாதாண்ணே ஒமக்கு? ஒம்ம மொதலாளிக்கு மாசத்துல பத்து நாள் சோப்புக் காய்ச்சுற கொப்பரை சும்மா கெடக்கு. அடுப்புக்காரனுக்குச் சம்பளம் குடுத்துத்தான ஆகணும்? நாந்தான் போயி கேட்டேன். வாசனை வேண்டாம், கலர்க் காயிதம் வேண்டாம், எம் பேரைப் போட்டுக் குடுங்கன்னேன். ஒண்ணேகால் அணாவுக்கு இறக்குறாரு, ரெண்டணாவுக்கு விக்கிறேன்.”

மற்றதையும் அவரே விளக்கினார். வெள்ளிமணி அவருக்கு இரண்டேகால் அணாவுக்கு வருகிறது, இரண்டரைக்கு விற்றால் காலணாதான் நிற்கும். அதுவும் மாசி வீதி முழுக்க எல்லாக் கடையிலும் அதே சரக்கு, பக்கத்துக் கடைக்காரன் விலையைக் குறைத்தால் அந்தக் காலணாவும் போச்சு. பிறையில் முக்கால் அணா நிற்கிறது. பிடித்துப்போனவள் திரும்ப வாங்க இந்தக் கடைக்குத்தான் வந்தாக வேண்டும், வேறெங்கும் கிடைக்காது. அப்படியானால் வெள்ளிமணியை ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டியதுதானே என்று லாசர் முணுமுணுத்தார்.

“நிறுத்துவேனாண்ணே? அந்தப் பேரைக் கேட்டுத்தான சனம் உள்ள வருது. அது பக்கத்துல ரெண்டரையணான்னு இருந்தாத்தான் இது சல்லிசாத் தெரியும். பத்துப் பெட்டி போதும். எழுதிக்கிருங்க.”

ஆக, சொந்த ஆலைச் சரக்கைத்தான் இத்தனை நாளாய் மண் என்றும் கொழுப்பு என்றும் ஊர் ஊராய்த் திட்டியிருக்கிறார். ஒரு கையால் கனிக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, மறு கையால் ஆர்டர் ஏன் குறைந்தது என்று கடிதம் எழுதிய அந்த முதலாளியை என்ன சொல்லித் திட்டுவது? வெட்கத்தை விட்டு லாசர் கனியிடமே கேட்டார். பிறை சோப்பைச் சுற்றுவட்டாரத்தில் கொண்டுபோய் விற்க ஒரு ஆள் வேண்டாமா, நான் வாரேன் என்றார்.

கனி கையை விரித்தார். அப்புறம் சொன்னார்.

“அந்த ரெண்டு கட்டிக்கும் இறக்குற விலையில ஒரு அணா வித்தியாசம்ண்ணே. சொவத்துல எழுதுற பெயிண்டு, தகரப் பலகை, வாசனை, ஒம்ம ரயில் டிக்கெட்டு, கோட்டு, சம்பளம், எல்லாம் அதுலதான் இருக்கு. ஒம்மளையும் இதுல ஏத்துனா நான் எங்கிட்டு ரெண்டணாவுக்கு விக்க?”

வெளியே வந்தபோது மாயக்காள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். எதுய்யா நல்ல சோப்பு, நீரே சொல்லும் என்று கேட்டாள். இரண்டும் ஒன்று என்று சொன்னால் பத்துப் பெட்டியும் போகும். வெள்ளிமணிதாம்மா, வாசனையைப் பாருங்க என்று லாசர் தரையைப் பார்த்துச் சொன்னார். லாட்ஜில் படுக்கிறவன் விரிப்பை மோந்தா பார்க்கப் போகிறான் என்று சிரித்துவிட்டு அவள் எட்டு பிறை வாங்கிக்கொண்டு போனாள்.

வீட்டில் சோப்புத் தீர்ந்துவிட்டது என்று மரியம்மாள் காலையிலேயே சொல்லியிருந்தாள். இதுவரை கம்பெனி ஓசியில் கொடுத்தது. இனிமேல் யார் கொடுப்பார்கள். லாசர் பையைத் துழாவி இரண்டணாவை எடுத்துக் கல்லாப் பலகை மேல் வைத்தார். சேக் இஸ்மாயில் மரியாதையாகக் குனிந்து, கீழ்த் தட்டிலிருந்து ஒரு வெள்ளிமணியை எடுத்து அவர் முன்னால் வைத்தான்.

லாசர் அதை ஓரமாக நகர்த்திவிட்டு, கண்ணுக்கு நேரான தட்டைக் காட்டினார்.