தாத்தாவுக்கு ஒரு சாக்கு

எங்கள் தாத்தா ஒவ்வொரு வருஷமும் அக்னி நட்சத்திரத்துக்கு அரிசியாகிவிடுவார். வெயில் தாங்காத சிலர் ஊட்டிக்குப் போகிறார்கள். தாத்தாவுக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது. வெயில் தொடங்கும் நாள் காலையில் குளித்துவிட்டுப் பாயில் உட்காருவார். சட்டையும் வேட்டியும் தளர்ந்து கீழே இறங்கும். அவர் இருந்த இடத்தில் பழைய புழுங்கலரிசி குவிந்திருக்கும். அதை ஒரு சாக்கில் கட்டி, எங்கள் அரிசிக் கடையின் பின்னறையில் மரச்சட்டத்தின் மேல் நிறுத்தி வைப்போம். வெயில் முடிந்ததும் பிரித்துக் கொட்டினால் எழுந்துவிடுவார்.

இதில் கஷ்டம் சாக்கில்தான் இருக்கிறது.

ஒரு வருஷம் பெரியப்பா எடுத்த சாக்கு சின்னதாகப் போய்விட்டது. இரண்டு படி வெளியே நின்றது. பெரியப்பா அதை ஒரு முறத்தில் போட்டு ஜன்னலோரம் வைத்தார். குருவிகள் சாப்பிட்டுவிட்டன. அன்றிலிருந்து தாத்தாவுக்குச் செவ்வாய்க்கிழமை கிடையாது. திங்கள் இரவு படுத்தால் புதன் காலைதான் எழுந்திருப்பார்.

போன வருஷம் அப்பா உஷாராகப் பெரிய சாக்கு எடுத்தார். அது அளவுக்கு மீறித் தொளதொளவென்று இருந்தது. நகர்த்தியபோதெல்லாம் தாத்தா உள்ளே சரிந்து சரிந்து இடம் மாறிவிட்டார். வெளியே வந்த பிறகு வலது காலுக்குச் செருப்புப் போட்டால் இடது காது அரிக்கும் என்கிறார்.

"இந்தத் தடவை தமயந்தி பார்க்கட்டும்" என்றார் தாத்தா, பங்குனி மாதம் ஒரு மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரத்தில்.

அப்பா கால்குலேட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவளா? வாடிக்கை வந்து விலை கேட்டாலே மூட்டைக்குப் பின்னாடி போய் நின்னுக்கறா."

"நிக்கட்டும். அங்க நின்னு எதைப் பாக்கறா? மூட்டையத்தானே?"

எனக்கு எம்.எஸ்ஸி. முடித்து வேலை கிடைக்காத வருஷம் அது. மூட்டைகளை நிறையப் பார்த்திருந்தேன் என்பது உண்மைதான்.

"எனக்கு இன்னும் மிச்சம் இருக்கறது ஒண்ணுதான், பாப்பா" என்றார் தாத்தா. "ஒரு பிடி அரிசியை மோந்து பார்த்து, எத்தனை மாசம் பழசுன்னு சொல்லுவேன். அதுவும் போச்சுன்னா நான் கல்லாவுக்குப் பக்கத்துல வச்ச விசிறி மாதிரிதான். ஒரு படி வெளிய நின்னாலும் எது வெளிய நிக்குதுன்னு யாருக்குத் தெரியும்?"

அன்றே ஆரம்பித்தோம். எங்கள் கடை மரக்கால் நாலு படி கொள்ளும். வாயைச் சுற்றிப் பித்தளைப் பூண் போட்டது. அதைச் சமதரையில் வைத்து அரிசி கொட்டச் சொன்னார். நான் முறத்தை மார்பளவுக்குத் தூக்கிக் கொட்டினேன்.

"அவ்வளவு உசரத்துல இருந்து விழுந்தா நீயும்தான் நெருங்கி உட்காருவே. ஒரு சாண் மேல இருந்து விடு. எல்லா மரக்காலுக்கும் அதே ஒரு சாண். நடுவுல மரக்காலைத் தட்டாதே, காலால இடிக்காதே. அரிசி குலுங்கினா இறங்கும். இறங்கினா இன்னும் கொள்ளும். அப்புறம் உன் மரக்கால் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவு."

நிரம்பி வழிந்ததும் உருண்டைக் கழி ஒன்றைக் கொடுத்தார். பூண் மேல் வைத்து, ஒரே இழுப்பாக மேலே நின்ற அரிசியைத் தள்ள வேண்டும். அழுத்தினால் அரிசி உள்ளே போகும். இரண்டு தடவை இழுத்தால் பள்ளமாகும். இதுதான் தலை தட்டிய அளவு. சாக்கு எவ்வளவு கொள்ளும் என்று பார்க்க இந்த அளவுதான் சரி. தலை தட்டாமல் குவித்து அளந்தால், குவியல் ஆளுக்கு ஆள் மாறும்.

"எண்ணும்போது வாயைத் திறந்து எண்ணு. மனசுக்குள்ள எண்ணினா நடுவுல யாராவது டீ வேணுமான்னு கேட்டாப் போச்சு."

"லாபம்" என்றேன். முதல் அளவை ஒன்று என்று சொல்வதில்லை. "ரெண்டு."

"யாருக்குச் சொல்றே, எறும்புக்கா?"

"மூணு" என்றேன் கொஞ்சம் உரக்க. எதிர்க்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது. "நாலு."

சாக்கை ஒவ்வொரு தடவையும் முழுதாக நிரப்பிப் பார்க்க நேரமிருக்காது என்று குறுக்குவழியும் காட்டினார். முதல் மரக்காலை நம்பக்கூடாது. அது சாக்கின் இரண்டு அடிமூலைகளுக்குள் ஓடிப்போய்விடும். அதற்குப் பிறகு இரண்டு மூன்று போட்டு, ஒவ்வொன்றுக்கும் அரிசி எத்தனை விரல் ஏறுகிறது என்று வெளியிலிருந்து தடவிப் பார்க்க வேண்டும். நான் எடுத்த சாக்கில் மூன்று விரல் ஏறியது. ஒரு சாணுக்குப் பன்னிரண்டு விரல். ஆகவே சாணுக்கு நாலு மரக்கால். பிறகு சாக்கின் உயரம். வாய் வரைக்கும் அளக்கக்கூடாது. தைப்பதற்கு ஒரு கையகலம் விட்டு, அங்கே கரியால் கோடு போட்டு, கோடு வரைக்கும் அளக்க வேண்டும். நாலு சாணுக்கு மூன்று விரல் குறைந்தது.

"பதினஞ்சு" என்றேன்.

"கொட்டிப் பாரு."

கொட்டிப் பார்த்தேன். பதினைந்தாவது மரக்காலில் அரிசி கோட்டைத் தொட்டது. தாத்தா ஒரு பொட்டுக்கடலை உருண்டையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"போன வருஷம் உங்கப்பன் புதுப் பச்சரிசியைப் போட்டு சாக்கை அளந்தான்" என்றார் மெல்ல. "நான் பழைய புழுங்கல். அது உட்கார்ற விதம் வேற, நான் உட்கார்ற விதம் வேற. எந்த அரிசி உள்ள போகப் போகுதோ, அந்த அரிசியால அளக்கணும்."

"காதுல விழுது" என்றார் அப்பா, கல்லாவிலிருந்து.

வெயில் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது தாத்தா தன் அளவைச் சொன்னார். ஒவ்வொரு வருஷமும் மிச்சமிருக்கிற ஞாபகத்தை வைத்து அவரே கணக்குப் போட்டுச் சொல்லுவது வழக்கம். "நான் பதினாலு மரக்கால்."

அப்பா உடனே பதினாலு மரக்கால் சாக்கு ஒன்றைத் தேடி எடுத்துவந்து உதறினார். சாக்கு நல்ல சாக்கு. தையல் விட்டிருக்கவில்லை, எலிக்கடி இல்லை. ஆனால் எனக்கு ஏதோ இடித்தது. பின்னறைக்குப் போய் யோசித்தேன்.

மூட்டைக்குப் பின்னால் நிற்பவர்களுக்குத் தெரியும் ஒரு விஷயம். தாத்தா யாருக்கு அளந்தாலும், படியோ மரக்காலோ, அதன் மேல் ஒரு குவியல் நிற்கும். கல்யாண வீட்டுக்காரர் வந்தாலும், கால்படி கேட்கும் கிழவி வந்தாலும் அப்படித்தான். கழி அவர் பக்கத்திலேயே இருக்கும்; முதுகு சொறிவதற்கு எடுப்பார். தலை தட்டச் சொல்லிக் கொடுத்தவர் தலை தட்டி நான் பார்த்ததில்லை.

யாருமில்லாதபோது அவர் குவிப்பதுபோலவே ஒரு மரக்கால் குவித்து, குவியலைக் கழியால் தள்ளித் தனியாகப் படியில் அளந்தேன். அரைப்படி இருந்தது. பதினாலு மரக்காலுக்கு ஏழு படி. ஏழு படி என்றால் இரண்டு மரக்காலுக்கு ஒரு படி குறைவு. தாத்தா பதினாலு இல்லை. பதினாறுக்கு ஒரு படி குறைவு.

இதைச் சொல்ல வேண்டிய காலை வந்தது. தாத்தா குளித்து, விபூதி பூசி, பாயில் உட்கார்ந்திருந்தார். அப்பா பதினாலு மரக்கால் சாக்கின் வாயை மடித்துத் தயாராக நின்றார். பெரியப்பா கோணி ஊசியில் சணல் கோத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, இந்தச் சாக்கு வேண்டாம்" என்றேன்.

"என்ன? சத்தமாச் சொல்லு."

"சின்னது."

"அவரே சொல்றாரு பதினாலுன்னு."

"தாத்தா எப்பவும் குவிச்சுத்தான் அளப்பாருப்பா. தன்னையும் குவிச்சுத்தான் அளந்திருக்காரு."

பெரியப்பா ஊசியிலிருந்து கண்ணை எடுத்தார். அப்பா தாத்தாவைப் பார்த்தார்.

"அது என்ன, தலை தட்டி ஒரு மனுஷனை அளக்கறது" என்றார் தாத்தா. "அசிங்கமா இருக்காதா?"

"அப்ப சாக்கு?" என்றார் அப்பா.

"அவ சொல்ற சாக்கு."

நான் பதினைந்து மரக்கால் சாக்கை எடுத்துவந்தேன். அப்பா ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் சட்டை இறங்கிவிட்டது.

பாயில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பழைய புழுங்கல். அள்ளினேன், ஒரு சாண் மேலிருந்து விட்டேன், ஒரே இழுப்பில் தட்டினேன். "லாபம்" என்றேன். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். பரவாயில்லை என்றிருந்தது. பதினாலு போட்ட பிறகும் பாயில் குவியல் இருந்தது. பதினைந்து போட்டேன். அரிசி கரிக்கோட்டைத் தொட்டு நின்றது. பாயில் இன்னும் மூன்று படி.

"முடிஞ்சுது" என்றார் பெரியப்பா. "குருவிக்குத் தீனி."

"ஊசியைக் கீழ வைங்க பெரியப்பா. இந்தப் பக்கக் காதைப் பிடிங்க. அப்பா, நீங்க அந்தப் பக்கம்."

இரண்டு பேரும் சாக்கின் இரண்டு காதையும் பிடித்தார்கள். ஒரு விரல்கடை தூக்கி, நேராகத் தரையில் வைக்கச் சொன்னேன். எறிந்தால் அரிசி நொய்யாகிவிடும். மெதுவாக வைத்தால் மணிகள் ஒன்றின் இடுக்கில் ஒன்று போய் உட்காரும்; போன வருஷம் மாதிரி உள்ளே சரியாது. தூக்கி வைத்தார்கள். மறுபடியும் தூக்கி வைத்தார்கள். கரிக்கோட்டுக்குக் கீழே அரிசி இறங்கிக்கொண்டே வந்தது. மூன்று விரல் இறங்கியதும் போதும் என்றேன். மூன்று படியும் உள்ளே போயிற்று. ஒரு படி அளவுக்கு இடம் மிஞ்சியது. மூச்சு விடுவதற்கு அது வேண்டும்.

பாயை உதறினேன். அப்பாவின் வேட்டி மடிப்பில் ஏழெட்டு மணி இருந்தன. பெரியப்பாவின் மீசையில் ஒன்று. எல்லாவற்றையும் எடுத்துப் போட்டு, வேப்பிலை வைத்து, வாயைத் தைத்தோம். பெரியப்பா தையலை மூன்று தடவை சரி பார்த்தார்.

வெயில் அடித்துத் தீர்ந்தது. முதல் காற்று வந்த காலை, தையலைப் பிரித்துப் பாயில் கொட்டினோம். அம்மா ஒரு வேட்டியை மேலே போர்த்தினாள். கொஞ்ச நேரத்தில் வேட்டிக்கு ஒரு மூக்கு வந்தது. பிறகு முட்டிகள். தாத்தா எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கினார்.

நான் கடையிலிருந்து ஒரு பிடி அரிசி கொண்டுவந்து அவர் கையில் வைத்தேன். அவர் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். முகத்தருகே கொண்டுபோனார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினோரு மாசம்" என்றார் தாத்தா. "கீழ்வரிசை மூட்டை. ஒரு மழையில ஓரம் நனைஞ்சு, காய வச்சிருக்கீங்க. என்கிட்ட சொல்லலை."

அப்பா மூக்கைச் சிந்திக்கொண்டு கல்லாவைத் திறக்கப் போனார். பெரியப்பா என்னிடம் வந்து, "அந்தக் கழியை நீயே வச்சுக்க" என்றார்.

காலியான சாக்கை உதறி மடிக்கப் போனேன். தாத்தாவுக்கு அவ்வளவு பொருந்திப்போயிருந்தது, அது மடியவில்லை. முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் மடிந்தது. தாத்தா எழுந்து கடைக்கு நடந்தார். சாக்கும் எழுந்து, வாயை ஒருதரம் துடைத்துக்கொண்டு, அவருக்கு இரண்டடி பின்னால் நடந்தது. அவர் பலகையில் உட்கார்ந்ததும் அதுவும் பக்கத்தில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தது.

அம்மா இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்தாள். சாக்குக்குச் சர்க்கரை கொஞ்சம் குறைத்துப் போட்டிருந்தாள்.