முதல் தட்டு

"வீட்ல போய் எப்படி வச்சிருந்தீங்களோ, எங்க பிரியாணி மேல பழி போடாதீங்க." தவ்ஃபீக் டைப் பண்ணதைச் சத்தமா படிச்சுக் காட்டினான். "அனுப்பவா ஆபா?"

பில்கிஸுக்கு ரத்தம் கொதிச்சது. கொதிக்காதா பின்னே? ஆம்பூர் பைபாஸ் பக்கம் ஆறு டேபிள் போட்ட கடை, பதினெட்டு வருஷமா அவ கையாலேயே அடுப்பு மூட்டுற கடை. அதைப் பத்தி எவளோ கூகுள்ல ஒரே ஒரு ஸ்டார் போட்டு, 'இந்தக் கடை பிரியாணி சாப்ட்டு என் பொண்ணு ஆஸ்பத்திரில கிடக்கிறா'ன்னு எழுதி வச்சிருக்கிறா. ஊரே பாக்குற எடத்துல!

"நேத்து நூத்தி முப்பது பேர் சாப்ட்டாங்க. ஒருத்தருக்காச்சும் எதுனா ஆச்சா?" தவ்ஃபீக் குதிச்சான். அவளுக்குக் கூடப் பொறந்த தம்பி, வாய் மட்டும் ஊருக்கே பெருசு.

"அனுப்பு"ன்னுதான் அவ சொல்ல வந்தா. ஆனா ஆஸ்பத்திரின்னு எழுதியிருந்தது நெஞ்சுல முள்ளா குத்துச்சு.

"இரு. முழுசா படிச்சியா?"

"மேல ரெண்டு வரி தெரிஞ்சது. அது போதாதா?"

"மீதியையும் தொறடா!"

தொறந்தான். படிச்சான். படிக்கப் படிக்க அவன் குரல் இறங்கிப் போச்சு.

'நேத்து சாயந்திரம் அஞ்சரைக்கு ஷூ ஃபேக்டரி ஷிஃப்ட் முடிஞ்சு போனேன். தீந்துபோச்சுன்னாங்க. குழந்தைக்குன்னு கேட்டதும் ஓனர் அக்காவே உள்ள போய் ஒரு பார்சல் கட்டிக் கொடுத்தாங்க. ஆறரைக்குச் சாப்ட்டா. ஒன்பதுக்குள்ள நாலு தடவை வாந்தி. அந்த அக்காவைக் கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா என் பொண்ணுக்கு இன்னா கொடுத்தாங்கன்னு எனக்குத் தெரியணும். மேகலா.'

"யா அல்லா" ன்னு பில்கிஸ் அப்படியே பெஞ்சுல உக்காந்துட்டா.

அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும். தினமும் பதினோரு மணிக்கு அண்டா தம் உடைச்சதும், மொதல்ல எடுக்கிற ஒரு தட்டை விக்க மாட்டா. மூடி, ஷெல்ஃப்ல வச்சிடுவா. மத்தியானம் லுஹர் தொழுகை முடிஞ்சு சர்தார் பாஷான்னு ஒரு ஃபக்கீர் வந்து வாங்கிட்டுப் போவார். அது பில்கிஸோட அம்மா காலத்துப் பழக்கம். நேத்து அவர் வரல. அஞ்சரைக்கு ஒரு தாய், குழந்தைக்குன்னு கெஞ்சினா. சோத்தை வீணாக்கக் கூடாதேன்னு, நல்ல மனசோடதான் பில்கிஸ் அந்தத் தட்டைக் கட்டிக் கொடுத்தா. சூடும் இல்லாம, ஃபிரிட்ஜும் இல்லாம, ஆம்பூர் வெயிலுக்கு ஆறரை மணி நேரம் கெடந்த சோறு!

அடிப் பாவி, நல்ல மனசு குழந்தை வயித்துக்குள்ள போய் என்ன பண்ணும்?

தம்பிகிட்ட அதை அப்படியே சொன்னா.

"ஆபா, அது வேற யாருக்கும் தெரியாதே" ன்னு தவ்ஃபீக் மெல்ல சொன்னான். "அதை எழுதினா கடைய மூட வேண்டியதுதான்."

"குழந்தை ஆஸ்பத்திரில கெடக்குது. நீ கடையப் பத்திப் பேசுறே! ஃபோனைக் குடு."

மொதல்ல உணவுப் பாதுகாப்பு ஆபீசுக்குப் பேசி நடந்ததைச் சொன்னா. அப்புறம் தம்பி எழுதினதை அழிச்சிட்டு, ஒவ்வொரு எழுத்தா அவளே டைப் பண்ணினா.

'மேகலா, உங்க பொண்ணு இப்ப எப்படி இருக்கா? நீங்க கேட்டதுக்குப் பதில்: நேத்து நான் கொடுத்த பிரியாணி காலைல பதினோரு மணிக்கு எடுத்து வச்சது. அஞ்சரை வரைக்கும் வெளியவே இருந்தது. அதை நான் கொடுத்திருக்கக் கூடாது. அது என் தப்பு. வாந்திக்கு அதுதான் காரணமான்னு டாக்டர்தான் சொல்லணும், ஆனா இந்த விவரத்தை அவர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. அப்படி எடுத்து வச்ச தட்டு அது ஒண்ணுதான். இனிமே எடுத்து வச்சதை யாருக்கும் கொடுக்க மாட்டோம். ஆபீசருக்கும் சொல்லிட்டோம். கடை நம்பருக்குப் பேசுங்க, நானே எடுப்பேன். பில்கிஸ்.'

அனுப்பினதும் ஃபோனைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டா. தவ்ஃபீக் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு டேபிளைத் தொடைச்சான், ஏற்கெனவே தொடைச்ச டேபிள்.

அரை மணி நேரத்துல ஃபோன் அடிச்சது.

"அக்கா, மேகலா பேசுறேன்." பின்னாடி வார்டுல யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுற சத்தம். "நீங்க இல்லவே இல்லன்னுதான் சொல்வீங்கன்னு நெனச்சேன். சண்டை போடத்தான் ராத்திரி பூரா வார்த்தை சேத்து வச்சிருந்தேன்."

"போடு கண்ணு. நான் கேக்குறேன்."



"அப்புறமா போடுறேன்க்கா. இப்ப டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துட்டாரு. சோறு எத்தனை மணி நேரம் வெளிய இருந்துச்சுன்னு நேத்துலேருந்து கேக்குறாரு, அப்ப எனக்குச் சொல்லத் தெரியல. நீங்களே ஒரு தடவை சொல்லுங்க, ஸ்பீக்கர்ல போடுறேன்."

பில்கிஸ் எழுந்து நின்னா.

"கடைல மட்டும் ஆறரை மணி நேரம் டாக்டர்" ன்னு சொன்னா.