கடைசி வரிசைத் தக்காளி

மண் ஏன் இப்படிப் புழுதியாகக் கிடக்கிறது? நான்தான் இந்தச் செடிகளைக் கொல்கிறேனோ?

காலையிலிருந்து அவளுக்குள் இதே கேள்வி. நின்றால் இருப்புக்கொள்ளவில்லை, நடந்தாலும் ஓயவில்லை. கால் ஏக்கர் தக்காளி பூவும் பிஞ்சுமாக நிற்கிறது. கிணறோ ஒரு நாளைக்கு ஒரு தொட்டி தண்ணீர்தான் தருகிறது. அதைச் சொட்டுநீராக விடுவதா, தெளிப்பானில் விடுவதா என்று கணவனும் மனைவியும் பத்து நாளாக மல்லுக்கட்டுகிறார்கள்.

சொட்டுநீர் அவள் பிடிவாதம். குழாயில் செடிக்கு ஒரு சொட்டுவான், அது சொட்டும் தண்ணீர் வேருக்கு மட்டும். ஆனால் அதில் சத்தமே இல்லை, பார்க்கவும் ஒன்றுமில்லை. தெளிப்பான் சுற்றி வீசும்போது மனசே குளிர்ந்துபோகும். அந்த ஆசை அவளுக்கும் உண்டு. கணவனிடம்தான் சொன்னதில்லை.

இன்று கடைசி வரிசையில் ஆறு செடிகள் தலைதொங்கிவிட்டன.

"பாத்தியா? இது தண்ணி பாய்ச்சுறதா, கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுறதா?" வரப்பிலிருந்து அவன் கேட்டான்.

அவள் நடு வரிசையில் குந்தி, செடியோரம் கையால் தோண்டினாள். மேலே புழுதி. நான்கு விரல் ஆழத்தில் மண் ஈரமாகப் பிடிக்குள் உருண்டது. கடைசி வரிசைக்கு ஓடித் தோண்டினாள். அடிவரை பொடி. சொட்டுவானின் வாயில் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. குழாயின் கடைசி மூடியைத் திறந்தாள். சேறாக வந்தது. ஓடிப்போய்த் தொட்டியோரத்து வடிகட்டியைக் கழற்றினாள். வலை முழுக்கப் பாசி.

"நான்தான் கழுவல," என்றாள். "பதினஞ்சு நாளாச்சு."

"இப்பவாவது ஒத்துக்கிட்டியே! தெளிப்பான்ல இவ்வளவு தொல்லை உண்டா? கீரை முளைக்கிறப்ப அதுதான காப்பாத்துச்சு?"

"கீரைக்குச் சரிங்க. போன வாரம் தக்காளிக்குப் போட்டீங்களே, பாதி வரிசை தாண்டுறதுக்குள்ள தொட்டி காலி. மண்ணு ஒரு விரல்தான் நனைஞ்சுது. காத்துல பறந்தது பக்கத்து ரோட்டுக்கு. அடி இலையைப் பாருங்க."

அவன் குனிந்து பார்த்தான். போன வாரம் நனைந்த இலைகளில் பழுப்புப் புள்ளிகள் பரவியிருந்தன. நிமிர்ந்தபோது அவன் குரலில் கிண்டல் இல்லை.

"காய் கொட்டிட்டா நம்ம கதி என்னம்மா? இன்னிக்கு ஒரே தடவை. அந்தத் தெளிப்பான் வால்வைத் திற."

அவனுக்கும் தன்னைப் போலவே பயம்தான் என்பது அவளுக்குத் தெரிந்தது. இந்த ஆறு செடியும் பிழைக்காமல் போகலாம். திறந்துவிட்டால் பழியாவது தன் தலையில் விழாது. வால்வும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"வேணாங்க," என்றாள் மெதுவாக. கடைசி வரிசைக்குப் போய், அடைபட்ட முதல் சொட்டுவானைக் கழுவுவதற்காகத் திருகிக் கழற்றினாள்.