ஐந்தாவது கேள்விக்குக் கட்டம்

நான்தான், நம் வீட்டுச் சுண்டெலி. வயது இருபத்து நான்கு. இப்போது இருப்பது பெரிய தபால் நிலையத்துக்கு எதிரே, டீக்கடை பெஞ்சில். பேசப் பேச இந்த போனே எழுதிக்கொள்கிறது. நம் வீட்டுப் பேச்சில் சொன்னால் கண்டபடி எழுதுகிறது. அதனால் பாடம் ஒப்பிக்கிறவன் மாதிரி சொல்கிறேன், சிரிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஏற்கெனவே என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

நான் துணிக்கடையில் வேலை பார்ப்பதாகச் சொன்னது பொய். எட்டு மாதமாக நான் வேலை பார்த்தது தங்கச்சி படித்த அதே கோச்சிங் சென்டரின் தலைமை அலுவலகத்தில்.

அம்மா, கோபப்படாதே. நீ மூன்று முறை பஸ் ஏறி வந்து, அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே குடைகூட இல்லாமல் மழையில் நின்றாயே, அதைத் தங்கச்சி எனக்குச் சொன்ன அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். படிப்பைப் பாதியில் விட்ட தங்கச்சியின் அசல் மதிப்பெண் சான்றிதழைக் கேட்டதற்கு, "மீதி ரெண்டு வருஷத்து பீஸைக் கட்டிட்டு வாங்கிக்கம்மா. படிக்கவே வராத பொண்ணுக்கு சர்டிபிகேட் எதுக்கு, பிரேம் போட்டு மாட்டவா?" என்றார் அந்த டைரக்டர். உள்ளே வரக்கூடச் சொல்லவில்லை. அசல் இல்லாமல் தங்கச்சிக்குப் போன வருடம் காலேஜ் போனது. இந்த வருடம் கடைசித் தேதி வரும் வெள்ளிக்கிழமை.

எனக்குச் சான்றிதழ் வேண்டும். அதோடு அந்த ஆள் அதே கதவுக்கு வெளியே வந்து நிற்கவும் வேண்டும். இரண்டில் எது பெரிது என்று கேட்டால் எனக்கே தெரியாது.

என்னை அட்மிஷன் பிரிவில் போட்டார்கள். விசாரிக்க வரும் பெற்றோரிடம் பேசுவது, போன் எடுப்பது, அவர்கள் கேட்பதை என்கொயரி நோட்டில் எழுதுவது, இரண்டு நாள் கழித்துத் திரும்பக் கூப்பிடுவது. பக்கத்து மேஜையில் ரிசப்ஷன் அக்கா. பன்னிரண்டு வருட சர்வீஸ். அவருக்குப் பின்னால் பச்சை இரும்பு பீரோ. அதற்குள் பிள்ளைகளின் அசல்கள், பதிவு எண் வாரியாக, பழுப்பு உறைகளில். தங்கச்சியின் எண் 3118. தினமும் அந்த பீரோவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, "உங்க பிள்ளை எங்க பிள்ளை மாதிரிங்க" என்று போனில் சொன்னேன். ஒருநாள் அக்கா கேட்டார்.

"ஏண்டா, அந்த பீரோவ அப்படி முறைக்கிற? உன் மாமியாரா அது?"

போனை எடுத்து அடுத்த பெற்றோரைக் கூப்பிட்டேன். அக்கா துருவவில்லை.

அட்மிஷன் சீசன் வந்தது. டைரக்டர் என்னைக் கூப்பிட்டு, முப்பதாயிரம் துண்டறிக்கை அடிக்கணும், பேப்பரோடு வீடு வீடாகப் போகணும் என்றார். எதிர்த்தெருவில் புதிதாக ஒரு சென்டர் வந்திருந்த எரிச்சல் அவருக்கு.

"முன்பக்கம் நான் பாத்துக்கறேன். ரேங்க் போட்டோ, என் போட்டோ, போன் நம்பர். பின்பக்கம் பேரண்ட்ஸோட பயத்துக்கெல்லாம் பதில் மாதிரி போடு. இப்ப அதான் ஓடுது."

"என்ன பதில் சார் போடறது?"

"எட்டு மாசமா போன்ல என்னத்தப் பேசற? அதையே போடு. கேள்வி அவங்களோடது, பதில் நம்மளோடது."

நோட்டை எடுத்து உட்கார்ந்து எண்ணினேன். அதிகம் பேர் கேட்டது, ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்பது. அடுத்து, போட்டோவில் இருக்கிற வாத்தியார்தான் வருடம் முழுக்க நடத்துவாரா. பிறகு, பெண் பிள்ளை எத்தனை மணிக்கு வீடு திரும்பும். ஸ்கூல் பாடம் கெட்டுப்போகாதா என்பது நான்காவது. ஐந்தாவதைப் பெற்றோர்கள் எப்போதும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள்: "பிள்ளைக்கு முடியலேன்னா நடுவுல நிறுத்திக்கலாமா? சர்டிபிகேட் குடுத்துருவீங்கல்ல?"

முதல் நான்குக்கும் வழக்கமான வெண்ணெய் தடவிய பதில்தான் எழுதினேன். ஐந்தாவதற்கு இப்படி எழுதினேன்:

"உங்கள் பிள்ளையின் சான்றிதழ் பத்திரமாக இருக்குமா? இருக்கும், உங்களிடமே. இனி நாங்கள் அசல் சான்றிதழ் வாங்குவதில்லை, நகல் போதும். இதுவரை எங்களிடம் உள்ள அசல்கள், படிப்பைத் தொடர்ந்தாலும் நிறுத்தியிருந்தாலும், இந்தத் துண்டறிக்கையோடு வரும் பெற்றோரிடம் எந்த நிபந்தனையும் இன்றி அன்றே ஒப்படைக்கப்படும்."

ஒரு நாள் பிரஸ்காரர் புரூப், அதாவது அச்சுக்கு முந்தைய மாதிரித் தாள், கொண்டுவந்தார். அந்தப் பிரஸ்ஸில் ஒரு வழக்கம். புரூப் தாளில் முதலாளி கையெழுத்துப் போடாமல் அச்சுக்கு பிளேட் போட மாட்டார்கள். கையெழுத்துப் போட்ட தாள் பிரஸ்ஸிலேயே இருக்கும். பின்னால் பிழை கிழை என்று யாரும் அவர்கள் கழுத்தைப் பிடிக்கக்கூடாது இல்லையா?

டைரக்டர் மேஜையிலிருந்து ஸ்கேலை எடுத்தார். எதிர்த்தெரு சென்டரின் நோட்டீசைப் பக்கத்தில் வைத்து, அதில் இருந்த டைரக்டரின் முகத்தையும் தன் முகத்தையும் அளந்தார்.

"அவன் ஆறு சென்டிமீட்டர், நான் அஞ்சரையா? ஏழாக்குய்யா."

"ஏழாக்கினா ஒரு ரேங்க் பையன் போயிடுவான் சார்," என்றார் பிரஸ்காரர்.

"போகட்டும். கடைசிப் பையன்தானே."

பிறகு தாளைத் திருப்பினார். விரலால் மேலிருந்து கீழே கொண்டுபோனார். ஐந்தாவதில் விரல் நின்றது. தலைப்பை மட்டும் சத்தமாகப் படித்தார்.

"உங்கள் பிள்ளையின் சான்றிதழ் பத்திரமாக இருக்குமா... பத்திரம்! நல்ல வார்த்தையா பிடிச்சிருக்கடா. இது ஏன் இத்துனூண்டு எழுத்துல கிடக்கு? கட்டம் கட்டு. மஞ்சள் அடி."

தன் பேனாவால் தானே கட்டம் வரைந்தார். ஓரத்தில் "மஞ்சள்" என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். ரிசப்ஷன் அக்கா அதைக் கோப்பில் வைப்பதுபோல எடுத்து, நின்றபடியே முழுசாகப் படித்தார். என்னைப் பார்த்தார். பிரஸ்காரரிடம் நீட்டினார்.

அட்மிஷன் திறக்கும் ஞாயிற்றுக்கிழமை, அதாவது நேற்று, காலை பேப்பரோடு முப்பதாயிரமும் போய்விட்டது. பத்து மணிக்கு ஹால் நிறையப் புதுப் பெற்றோர். மைக், நாற்காலி, பேனர். டைரக்டர் கோட்டுப் போட்டிருந்தார். பத்தேகாலுக்குக் கதவுப் பக்கம் வேறு ஒரு கூட்டம். இவர்கள் நாற்காலியில் உட்காரவில்லை. ஒவ்வொருவர் கையிலும் நான்காக மடித்த துண்டறிக்கை, மஞ்சள் கட்டம் வெளியே தெரியும்படி.

முன்னால் நின்றவர் பஸ் டிரைவர், சீருடையிலேயே வந்திருந்தார்.

"பையன் போன வருசம் நின்னுட்டான் சார். சர்டிபிகேட் இன்னிக்கே தர்றதா போட்டிருக்கீங்க. நல்ல மனசு."

டைரக்டர் துண்டறிக்கையை வாங்கிப் படித்தார். அந்தக் கட்டத்துக்குள் இருப்பதை அவர் முதல்முறையாகப் படிப்பதை நான் மூன்றடி தூரத்தில் நின்று பார்த்தேன். அம்மா, எட்டு மாதச் சாப்பாடு அப்போதுதான் எனக்குச் செரித்தது.

என்னிடம் குனிந்து, "தப்பா அச்சாயிடுச்சுன்னு சொல்லுடா," என்றார்.

"நீங்களே சொல்லிடுங்க சார்."

சொன்னார். "பிரிண்டிங் மிஸ்டேக்குங்க. பிரஸ்காரன் பண்ணின வேலை."

டிரைவர் நிதானமாகத் தாளை முன்பக்கம் திருப்பினார். "அப்படிங்களா? அப்போ இந்த ரேங்க் பசங்க போட்டோ? அதுவும் தப்பாத்தான் அச்சாச்சுங்களா?"

ஹாலில் உட்கார்ந்திருந்த புதுப் பெற்றோர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சீட்டுப் பதிய பேனா எடுத்த ஓர் அம்மா மூடியைத் திரும்ப மாட்டினார். டைரக்டர் அவசரமாகப் பிரஸ்காரருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்துத் திட்டினார்.

"சார், உங்க கையெழுத்து இருக்கு," என்றது போன். "கட்டமும் நீங்க கட்டினதுதான். மஞ்சள்னு எழுதினதும் நீங்கதான். கொண்டாந்து காட்டட்டுமா?"

யாரோ சிரித்தார்கள். புதுப் பெற்றோரில் ஒருவர் எழுந்து, "இதுவே மிஸ்டேக்குன்னா மத்த நாலு பதிலும் என்னங்க?" என்றார். அவர் உட்காரவில்லை என்பதை டைரக்டர் கவனித்தார். ஹாலில் இருநூறு பேர். அவருக்கு அதற்கு மேல் கணக்குப் போடத் தேவையிருக்கவில்லை.

"சும்மா சொன்னேங்க. சொன்னா சொன்னதுதான் நாங்க. அக்கா, பீரோவத் தெறங்க."

அக்கா சாவியைத் தேடவே இல்லை. அது அவர் கையிலேயே இருந்தது.

வந்தவர்களின் எண்களை நான்தான் ஒரு தாளில் எழுதினேன், கடைசியில் ஓர் எண்ணை நானாகச் சேர்த்தேன். அக்கா உறைகளை எடுத்து வைக்க, டைரக்டரே எண்ணை வாசித்து ஒவ்வொன்றாகக் கொடுத்தார், முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு. முப்பத்தொரு உறை. கடைசியாக, "மூவாயிரத்து நூத்திப் பதினெட்டு. யாருங்க?"

"நான்தான் சார்."

"நீயா?"

"அண்ணன்." என் பையிலிருந்து துண்டறிக்கையை எடுத்துக் காட்டினேன். தங்கச்சி எழுதிக் கொடுத்த கடிதத்தையும் காட்டினேன்.

அவர் கடிதத்தில் இருந்த பெயரைப் படித்தார். பிறகு மெதுவாக, "அந்தக் குடையில்லாத அம்மாவா?" என்றார். உன்னை நினைவு வைத்திருக்கிறார், அம்மா. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். மறந்திருந்தால்கூட விட்டிருப்பேனோ என்னவோ.

உறையை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"இங்க வேணாம் சார். அவங்க நின்ன இடத்துல குடுங்க."

"டேய், விளையாடாத."

"ஹால்ல எல்லாரும் பாக்கறாங்க சார். சிரிச்சுக்கிட்டே வாங்க."

கோட்டோடு கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். மழை இல்லை, வெயில். அது ஒன்றுதான் குறை. வாசல் மிதியடிக்கு வெளிப்பக்கம் நின்று உறையைக் கொடுத்தார். நான் அங்கேயே பிரித்து, தங்கச்சி பெயர், மதிப்பெண், முத்திரை எல்லாம் சரிபார்த்தேன். வேண்டுமென்றே மெதுவாக. அவர் காத்துக்கொண்டு நின்றார்.

"பிரேம் போட்டு மாட்ட மாட்டோம் சார்," என்றேன். "காலேஜ்ல குடுக்கப் போறோம்."

"உன்ன எந்த சென்டர்லயும் வேலைக்கு நிக்க விடமாட்டேன்."

"சரிங்க சார்."

அக்காவுக்கு ஆபத்து வரக்கூடாது என்று, எழுதியது நான் மட்டும்தான் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டு வந்தேன். பை எடுக்கப் போனபோது அக்கா, "உன் மாமியார் இப்ப இளைச்சுட்டா," என்று பீரோவைத் தட்டினார். அவர் அழுதாரா சிரித்தாரா என்று பார்க்கத் தைரியம் வரவில்லை.

வருத்தமே இல்லை. பயம் மட்டும் இருக்கிறது. போன் அடித்தால் தூக்கிவாரிப் போடுகிறது. வீட்டு முகவரி அவர்களிடம் இருக்கிறது. யாராவது கூப்பிட்டு என்னைப் பற்றிக் கேட்டால், தெரியாது என்று சொல்லிப் போனை வைத்துவிடுங்கள்.

சான்றிதழை இப்போதுதான் பதிவுத் தபாலில் அனுப்பினேன். புதன் அல்லது வியாழன் வரும். இதை யார் முதலில் படித்தாலும் சரி, அந்த இரண்டு நாளும் வீட்டில் ஒருவர் இருங்கள். தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். பத்திரப்படுத்துகிறேன் என்று யாரும் அதை லேமினேட் செய்துவிடாதீர்கள், காலேஜில் வாங்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை அதைத் தங்கச்சி கையிலேயே கொடுத்து அனுப்புங்கள்.