ஒற்றை டிக்

ரத்தம் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் அடுத்தவர் நரம்பு. மூன்றாவது கை கிடையாது. இதை அவள் ஒரு வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வந்தாள். பரிசோதனைக்கூடத்து வேலை அவளுடையது. காலை ஆறரைக்குக் குளிர்பெட்டியைத் தோளில் மாட்டினால் பன்னிரண்டு மணி வரை வீடு வீடாக ஏறி இறங்கி ரத்தம் எடுத்துக்கொண்டு வர வேண்டும். தெருவில் அவளுக்கு ஊசிக்காரி என்றே பேராகிவிட்டது. அவள் புருஷனுக்கு ஏணிக்காரர் என்று பேர். இரண்டு பேரும் பொருத்தமான ஜோடிதான் என்று எதிர்வீட்டுத் தையல் அக்கா கிண்டல் செய்வாள்.

ஏணிக்காரர் எலக்ட்ரீஷியன். போன வருஷம் மூன்றாவது மாடி உயரத்தில் இருந்து விழுந்ததில் தலையில் அடி. உயிர் பிழைத்தார், நடந்தார், சாப்பிட்டார், எல்லாம் சரி. ஆனால் அந்த விபத்தே நடக்கவில்லை என்பதுதான் அவர் கணக்கு. சில நாள் பத்து மணி வாக்கில் திடீரென்று கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். ஆறடி ஆள், முகத்தில் அவ்வளவு நிதானம். பார்க்கிறவன் எவன் தடுப்பான்? எங்கே ஏணி சாய்த்து வைத்திருக்கிறதோ அங்கே ஏறிவிடுவார்.

கதவைப் பூட்டிப் பார்த்தாள். பூட்டைக் கழற்றுவதெல்லாம் அவருக்கு ஒரு வேலையா? டாக்டரிடம் கேட்டால், பொறுமையாக இருங்கள் என்றார். பொறுமையாக இருந்தால் சோறு யார் போடுவது என்று அவள் கேட்கவில்லை, மனதில் நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் அந்தத் தையல் அக்காதான் கைகொடுத்தாள். அவள் மிஷின் ஜன்னலை ஒட்டி இருந்தது. அங்கிருந்து பார்த்தால் இவர்கள் வாசல் தெரியும். ஏணிக்காரர் வெளியே வந்தால் தகவல் சொல்ல வேண்டும், ஊசிக்காரி உடனே அக்காவின் போனுக்குக் கூப்பிட வேண்டும், அக்கா ஓடிப்போய்ப் போனை அவர் காதில் வைக்க வேண்டும். "இன்னிக்கு வேலை இல்லையாம், ஓனர் சொல்லிட்டார், வீட்டுக்கு வாங்க" என்று இவள் சொன்னால் போதும், பசுமாதிரி திரும்பிவிடுவார். வேறு யார் சொன்னாலும் கேட்க மாட்டார். இவள் குரலுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு எங்கிருந்து வந்ததோ, உடைந்த மண்டைக்குள் அது ஒன்று மட்டும் உடையாமல் இருந்தது.

ஆரம்பத்தில் அக்கா போன் போட்டுத்தான் சொன்னாள். ஒருநாள் ஒரு வயசானவர் கையில் ஊசி ஏறியிருந்த நேரத்தில் போன் அலறியது. இவள் திடுக்கிட, ஊசி அசைந்து, அந்தக் கை கத்திரிப்பூ நிறத்தில் வீங்கிவிட்டது. புகார் மேலிடம் வரை போனது. அன்றைக்கே தையல் அக்காவிடம் சொல்லிவிட்டாள், "அக்கா, இனிமே கூப்பிடாதீங்க. வாட்ஸ்அப்ல போடுங்க. ஊசியை எடுத்த அடுத்த நிமிஷம் நானே கூப்பிடுறேன்."

அக்கா சொன்னால் சொன்னபடி நடப்பவள். அதற்கப்புறம் ஒரு தடவைகூட மணி அடிக்கவில்லை. செய்தி வரும், பை அதிரும், ஊசியை உருவிப் பஞ்சை வைத்துவிட்டு இவள் கூப்பிடுவாள். எட்டு மாசம் இப்படியே ஓடியது. ஏழெட்டு முறை அவரைப் பாதியில் இறக்கியிருக்கிறார்கள்.

இந்தத் திங்கட்கிழமை கம்பெனி எல்லோருக்கும் ஒரு சிம் கொடுத்தது. நோயாளிகளின் விவரம் வெளியே கசியக்கூடாதாம். அதனால் புது செயலி அந்த சிம்மின் நெட்டில் மட்டும்தான் ஓடும், அந்த நெட்டும் கம்பெனி கம்ப்யூட்டரைத் தவிர வேறெங்கும் போகாது. சரி, போன் எங்கே என்று கேட்டதற்கு, உங்கள் போனிலேயே இரண்டு சிம் போட இடம் இருக்கிறதே என்றார் சூப்பர்வைசர். சிம் கொடுக்க மனசு வந்தது, போன் கொடுக்க வரவில்லை. அவரே வாங்கிப் போட்டு, எதையோ அழுத்தி, செயலியையும் திறந்து காட்டினார். உங்கள் பழைய சிம் அப்படியே இருக்கும், கால் எல்லாம் வழக்கம்போல வரும், கவலையே வேண்டாம் என்றார். பொய் சொல்லவில்லை பாவம். கால் வரும் என்றுதான் சொன்னார்.

திரையின் மேலே இரண்டு சிம்முக்கும் சிக்னல் கோடுகள் முழுசாக நின்றன. இரண்டும் வேலை செய்கிறது என்று யாருக்குத்தான் தோன்றாது?

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் காலையில் பை அதிரவே இல்லை. தினம் பத்து மணிக்கு 'எல்லாம் சரி' என்று அக்கா போடுவது பன்னிரண்டு மணிக்கு, இவள் பரிசோதனைக்கூடத்துக்குள் நுழைந்து அங்கிருக்கிற வைஃபை பிடித்த பிறகுதான் வந்தது. அக்காவுக்குக் கல்யாணத் துணி நிறைய வந்திருக்கும், மறந்து லேட்டாகப் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். அவர் வெளியே வரவில்லை என்பதே பெரிய நிம்மதியாக இருந்தது.

வியாழக்கிழமை ஆறாவது வீட்டை முடித்தபோது மணி பதினொன்றே கால். ஏதோ மனசு கேட்கவில்லை. தானாகவே வாட்ஸ்அப்பைத் திறந்து 'என்னக்கா, எல்லாம் சரியா' என்று அடித்தாள். செய்தி இன்னும் போகவில்லை என்று காட்டும் கடிகாரச் சின்னம் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து, தெருமுக்கிலிருந்த செல்போன் கடையில் ஏறினாள்.

கடைக்காரர் நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார். அரை நிமிஷத்தில், போனில் ஒரு கோளாறும் இல்லை என்றார். நெட் அந்தக் கம்பெனி சிம்மில் இருக்கிறது, அதில் வாட்ஸ்அப் எப்படி வரும் என்று கேட்டார்.

"என் சிம்லயும் நெட்டுக்குப் போட்டிருக்கேனே. ரெண்டுலயும் சிக்னல் ஃபுல்லா காட்டுதே."

"காட்டும்க்கா. உள்ள சிக்னல் பிடிக்கிற ரேடியோ ஒண்ணுதான். ஒரே ஆள் ரெண்டு வாசலைப் பார்த்துக்கிற மாதிரி. மாத்தி மாத்தி எட்டிப் பார்த்துக்கிட்டே இருப்பான், எந்த வாசல்ல மணி அடிச்சாலும் திறப்பான். அதனால கால், எஸ்எம்எஸ் ரெண்டுலயும் வரும். ஆனா நெட்டுங்கிறது உட்கார்ந்து பேசுற வேலை. ஒரு வாசல்லதான் உட்கார முடியும்."

ரேடியோ இரண்டு இருக்கிற விலை கூடின போனிலும் நெட்டை ஒரு சிம் வழியாகத்தான் பெரும்பாலும் விடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே அவர் செட்டிங்ஸைத் திறந்து காட்டினார். இரண்டு சிம் பேர், பக்கத்தில் ஒரு வட்டம். ஒன்றைத் தொட்டால் மற்றது அணைந்தது. இரண்டையும் சேர்த்து ஏற்ற அங்கே வழியே இல்லை. "இப்ப உங்க சிம்முக்கு மாத்துறேன் பாருங்க," என்றார்.

சில விநாடி ஒன்றும் இல்லை. அப்புறம் போன் அதிர ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. கடைக்காரர் சிரித்தபடி கையில் கொடுத்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்து ஐந்து: தம்பி வெளிய வந்துட்டாரு. பத்து ஒன்பது: கட்டுற வீட்டுப் பக்கம் போறாரு, கூப்பிடும்மா. பத்து பதினாலு: ஏணில ஏறிட்டாரு, மேஸ்திரி சொன்னாலும் கேக்கல, நீ பேசினாதான் இறங்குவாரு. பத்து பதினெட்டு: ஊசி கையில இருக்கா. முடிஞ்சதும் கூப்பிடு. பத்து இருபத்தாறு: மேல உக்காந்துகிட்டு ஒயரைத் தேடுறாரு. உன் பேரைச் சொல்லி, அவ போன் பண்ணினாளான்னு கேக்குறாரு. பத்து முப்பத்தொண்ணு: கூப்பிடும்மா. பத்து முப்பத்திரண்டு: கூப்பிடும்மா.

அதற்குக் கீழே ஒரு படம். மங்கலாக, சாம்பலும் சிவப்புமாக ஏதோ. நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. தெளிவதற்குள் போன் அடித்தது. சூப்பர்வைசர், கம்பெனி சிம்மில். வட்டம் அப்படியே நின்றுவிட்டது. பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டாள்.

"என்ன மேடம், ஆப்ல ஆஃப்லைன்னு காட்டுது? எங்க இருக்கீங்க?"

ஒரு நிமிஷம் சார், ஒரு நிமிஷம் என்று வெட்டினாள். வட்டம் மறுபடி சுற்றத் தொடங்கியது. மறுபடி அவரே அடித்தார். வட்டம் மறுபடி நின்றது. அந்த சிம்மில் மணி அடிக்கிற வரைக்கும் இதில் நெட் நிற்கும் அக்கா, ரேடியோ அந்தப் பக்கம் போய்விடும் என்று கடைக்காரர் மெதுவாகச் சொன்னார். அவருக்கும் இப்போது சிரிப்பு இல்லை. அவள் வெட்டினாள், சூப்பர்வைசர் அடித்தார், அவள் வெட்டினாள். ஒரு ஆறடி மனிதன் அந்த மங்கலுக்குள் இருந்தான், ஏணிமேலா தரைமேலா என்று தெரியாமல் அவள் திரையை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள், தேய்த்தால் துலங்கிவிடும் என்பதுபோல.

படம் வேண்டாம் என்று விட்டுவிட்டு அக்காவைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள் அக்கா. பின்னால் யாரோ தள்ளுவண்டியை உருட்டிப்போகும் சத்தம் கேட்டது.

"ஆஸ்பத்திரில இருக்கோம்மா. நீ வா," என்றாள். அதற்கு மேல் கேட்டபோது, மூச்சு இருக்கிறது, கண் திறக்கவில்லை, உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள் என்றாள். தானே அந்த ஏணியில் ஏறிப் பார்த்ததையும், இரண்டாவது படியில் பயந்து இறங்கிவிட்டதையும் ஒன்றுக்கு ரெண்டு தடவை சொன்னாள்.

கடைக்காரர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அவள் உட்காரவில்லை. தோளில் ஆறு பேருடைய ரத்தம் குளிர்பெட்டிக்குள் இருந்தது, அதைப் பன்னிரண்டுக்குள் சேர்க்க வேண்டும். அது எதற்கு இப்போது ஞாபகம் வருகிறது என்று அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

"ஏன்க்கா ஒரு கால் பண்ணல?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட வாய் மூடுவதற்குள் பதில் அவளுக்கே தெரிந்துவிட்டது.

அக்கா தள்ளுவண்டிச் சத்தத்தை விட்டு ஓரமாக ஒதுங்கிப் பேசினாள்.

"நம்பரை எடுத்து எடுத்து வச்சேன்மா. யாரு கையில ஊசி குத்திக்கிட்டு இருக்கியோன்னு வச்சுட்டேன். ஒத்த டிக்காவே இருந்துச்சு. நீ வேலையில இருக்கேன்னு நினைச்சேன்."

குளிர்பெட்டியின் வாரைத் தோளில் இறுக்கிக்கொண்டு அவள் கடைப் படி இறங்கினாள்.

"இப்பதான்மா," என்றாள் தையல் அக்கா, அழுகையை அடக்கிக்கொண்டு, "இப்பதான் எல்லாத்துக்கும் ரெண்டு டிக் விழுந்திருக்கு."