நிரம்பாத தொட்டி

வினாத்தாள் சரிபார்க்கும் அறையில் கைப்பேசிகளை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்கள். நான் தயாரித்துக் கொடுத்த முப்பது கேள்விகளில் பதினேழாவதில் குழுத் தலைவி பேனாவை நிறுத்தினார்.

அது ஒரு பழைய தேர்வுத்தாளிலிருந்து எடுத்தது. அதில், இரண்டு குழாய்கள் ஒரு தொட்டியைத் தனித்தனியே பன்னிரண்டு, பதினைந்து மணி நேரத்தில் நிரப்பும். மூன்றாவது இருபது மணி நேரத்தில் காலி செய்யும். மூன்றையும் திறந்தால் பத்து மணி நேரத்தில் நிரம்பிவிடும். எவனுக்குத் தெரியப்போகிறது என்று இருபதை ஆறாக்கி, விடை அறுபது என்று கொடுத்திருந்தேன்.

"இந்தத் தொட்டியை எங்கயோ பாத்திருக்கேனே, சார்."

"எல்லாப் புத்தகத்துலயும் வர்றதுதான், மேடம்."

"இருபதுக்குப் பதிலா ஆறு. மத்ததெல்லாம் அப்படியே நான் போட்ட கேள்வி."

தொலைந்தேன் என்று நினைத்தேன். அவர் தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டார்.

"மணிக்கு உள்ள வர்றது அறுபதுல ஒம்பது பங்கு. வெளிய போறது பத்து. இது எந்தக் காலத்துல நிரம்பும்?"

எனக்கும் மைனஸ் அறுபதுதான் வந்தது. கைத்தவறு என்று அந்த மைனஸை அடித்துவிட்டிருந்தேன்.

"பழசை எடுத்தது தப்புதான், மேடம்."

"அதை யாரு கேட்டா? நானும் பழைய தாள்லேருந்துதான் எடுத்தேன். ஆனா சரிபாத்துட்டு எடுத்தேன்." பேனாவை என் பக்கம் தள்ளினார். "மிச்ச இருபத்தொன்பதையும் இப்பவே என் கண்ணெதிர்ல போடுங்க."

அவற்றில் எத்தனை மைனஸை அடித்தேன் என்று எனக்கே நினைவில்லை.