லெமன் கர்ட்டில் இரும்பு வாடை

கை சரியில்லையாம். மூன்று வருடமாக அந்த பேக்கரியின் டார்ட் ஓடுகளுக்குள் போகும் லெமன் கர்ட் என்னும் எலுமிச்சை முட்டைக் கூழ் முழுவதையும் கிண்டிய கை அது. டார்ட் வாங்கும் ஓட்டலின் செஃப் இந்த மாதம் இரண்டு முறை, சாவியை நக்கின மாதிரி இருக்கிறது என்று பெட்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். உடனே கடையை நடத்தும் அத்தான் போனை எடுத்து, "எங்க மச்சினிச்சிக்கு இப்போ கை சரியில்ல சார். திங்கக்கிழமையிலேர்ந்து கம்பெனி பாட்டில் கர்ட்டே வாங்கிடறேன்" என்று சொல்லிவிட்டார். அதுவும் அவள் காதுபட. வீட்டிலும் கடையிலும் எல்லோரும் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். திங்கள் முதல் சின்னவளுக்கு அடுப்பு இல்லை, பெட்டி கட்டும் மேசைதான்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நின்றாள். அக்கா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "விடுடி, அவர் சுபாவம் தெரியாதா?" என்றாள். தெரியும். தெரிந்ததால்தான் ஆத்திரம்.

ஆனால் அந்த ஆத்திரத்தை அடுப்பில் காட்ட முடியாது. காட்டினால் கிண்ணத்தில் மிஞ்சுவது முட்டைப் பொரியல். அடியில் பாத்திரத்தில் தண்ணீர் லேசாகச் சிணுங்க வேண்டும், கொதித்துத் துள்ளக் கூடாது. மேலே வைத்த ஸ்டீல் கிண்ணத்தை அந்தத் தண்ணீர் தொடக் கூடாது. முட்டையில் சர்க்கரையைப் போட்டவுடன் அடித்துக் கலக்கி, எலுமிச்சைச் சாற்றையும் துருவிய தோலையும் சேர்த்தாள். பிறகு ரப்பர் கரண்டியை எடுத்து, கிண்ணத்தின் அடியையும் ஓரத்தையும் விடாமல் வழித்துக் கிண்டினாள். கால் மணி நேரத்தில் கலவை கரண்டியின் முதுகில் பூசினாற்போல் நின்றது. விரலால் ஒரு கோடு இழுத்தாள், கோடு மூடவில்லை. உடனே இறக்கி வடிகட்டி, பட்டர் துண்டுகளைச் சூட்டிலேயே போட்டுக் கரைத்தாள். ருசி பார்த்தாள். புளிப்பும் வெண்ணெயும்தான், இரும்பு வாடை மருந்துக்குக்கூட இல்லை.

கர்ட்டைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி, மேலே ஏடு படராமல் தாளை ஒட்டி மூடினாள். கிண்ணத்தில் மிச்சமிருந்ததை ஒரு சின்னக் கண்ணாடிக் கப்பில் வழித்து, போகும்போது ஃப்ரிட்ஜின் மூலையில் யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்தாள். டார்ட் ஓடுகளில் கர்ட்டை நிரப்புவது அத்தானின் விடியற்கால வேலை. அவள் பத்து மணிக்குத்தான் வருவது வழக்கம்.

மறுநாள் ஆறு மணிக்கே வந்து நின்றாள். அத்தான் மேசையில் குனிந்திருந்தார். பக்கத்தில் அவளுடைய ஜாடி காலியாகக் கழுவிக் கவிழ்த்திருந்தது. கர்ட் கிடந்தது இரண்டு அகலமான அலுமினிய ட்ரேக்களில்.

"இது என்ன அத்தான்?"

"ட்ரே. பாத்தா தெரியல?"

"கர்ட்டை எதுக்கு இதுல ஊத்துனீங்க?"

"ஜாடியில ஆறவே மாட்டேங்குது. ராத்திரி நீ போனதும் அகலமா ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வெச்சா சீக்கிரம் கெட்டியாகும். ஒரு மாசமா இப்படித்தான் பண்றேன். நீ கவனிச்சியா என்ன?"

ஒரு மாதம். புகார் வரத் தொடங்கியும் ஒரு மாதம். சின்னவள் ஒரு ட்ரேயின் ஓரத்தைக் கரண்டியால் வழித்தாள். கர்ட் பட்டுக்கிடந்த இடம் மட்டும் அலுமினியம் மங்கிப் போயிருந்தது. ஓரத்துக் கர்ட்டில் சாம்பல் நிறம் ஏறியிருந்தது. எலுமிச்சை ராத்திரி முழுக்க ட்ரேயை அரித்திருக்கிறது. ஒளித்து வைத்த கப்பை எடுத்து வந்து, இரண்டு கரண்டிகளை அவர் முன்னால் நீட்டினாள்.

"ரெண்டையும் நக்கிப் பாருங்க."

கப்பிலிருந்ததை நக்கினார். தலையாட்டினார். ட்ரேயிலிருந்ததை நக்கினார். முகம் கோணியது.

"சரி, சரி. ஏதோ நடந்துபோச்சு. இனிமே ஜாடியிலேயே வெச்சுக்கலாம்."

"நடந்துபோகல அத்தான். நீங்க பண்ணினது. போனை எடுங்க. என் கையைப் பத்தி யார்கிட்ட சொன்னீங்களோ அவர்கிட்டயே இதையும் சொல்லுங்க. எனக்கும் கேக்கணும்."

அக்கா ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே வந்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள், தங்கை முகத்தைப் பார்த்தாள். அத்தான் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"சார், அந்த டார்ட் விஷயம். நான்தான் கர்ட்டை அலுமினிய ட்ரேல ஊத்தி வெச்சுட்டேன். அதான் அந்த வாடை. மச்சினிச்சி மேல தப்பில்ல."

அந்தப் பக்கத்தில் பாத்திரச் சத்தத்துக்கு நடுவே செஃப் சிரித்தார்.

"அதைத்தானே அன்னைக்கே சொன்னேன்? கர்ட்ல ஒரு கட்டியில்ல, ஒரு முட்டைத் துணுக்கில்ல, கிண்டினவங்க கை தங்கமான கை, நீங்க பாத்திரத்தைப் பாருங்கன்னு. நீங்கதான் இல்ல சார், கைதான்னு அடிச்சுச் சொன்னீங்க."

அத்தான் போனை அணைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். சின்னவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. இரண்டு ட்ரேக்களையும் தூக்கி, உள்ளே இருந்ததைக் குப்பைக் கூடையில் கவிழ்த்தாள். பிறகு ஓரத்திலிருந்த பெட்டி கட்டும் மேசையைக் காட்டினாள்.

"திங்கக்கிழமை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? இப்பவே அங்க போய் உக்காருங்க அத்தான். நிரப்புறதையும் இனிமே நானே பாத்துக்கறேன்."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா காலி அட்டைப்பெட்டிகளையும் நூலையும் எடுத்து அந்த மேசையில் வைத்தாள்.